நெறியாளருக்கு எழுதும் முன்னேற்ற மெயில்: முடிவு, சிக்கல், அடுத்த படி

"கைடுக்கு அப்டேட் அனுப்பியாச்சா?" என்று ஆய்வு மாணவர்களிடம் கேட்டால், "அனுப்பணும், சொல்லிக்கிற மாதிரி ரிசல்ட் இன்னும் வரலை" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். நல்ல முடிவு வந்தால்தான் மெயில் எழுத வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வேறு சிலர் தவறாமல் எழுதுவார்கள். ஆனால் எத்தனை கட்டுரை படித்தேன், எத்தனை நாள் லேபில் இருந்தேன் என்பதாகவே அந்த மெயில் இருக்கும். உழைப்புக்கான சாட்சி அது. இரண்டு வகையிலும் படிப்பவர் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

முன்னேற்ற மெயிலின் வேலை ஒன்றுதான். நெறியாளர் அதைப் படித்து முடித்ததும், இந்த ஆய்வு அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்க முடிய வேண்டும். அவர் லேபில் உங்கள் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. அவரிடம் வேறு மாணவர்களும் வேறு வேலைகளும் இருக்கும். உங்கள் சோதனை எந்த இடத்தில் நிற்கிறது என்பது அவருக்குப் பாதிதான் நினைவிருக்கும்.

மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை, மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? "மூன்று நாளாக மாலையில் மட்டும் காய்ச்சல், 101 வரை போகிறது, மாத்திரை போட்டால் நான்கு மணி நேரம் இறங்கி மறுபடி ஏறுகிறது" என்றால் அவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். இரண்டாவதாகச் சொன்னதில் கவனிக்க வேண்டியது, "எனக்கு டைபாய்டு" என்று நோயாளி சொல்லவில்லை என்பதுதான். கண்டதைச் சொன்னார், செய்து பார்த்ததைச் சொன்னார், அதனால் என்ன ஆனது என்பதையும் சொன்னார். நல்ல மெயிலும் இப்படித்தான் இயங்குகிறது. பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது, ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

## எடுத்துக்கொள்ளும் சோதனை

வேதியியலில் ஆய்வு செய்யும் ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. சோதனை முறையும் அதில் வரும் சிக்கல்களும் அந்தத் துறையில் அன்றாடம் நடப்பவை.

தண்ணீரில் கலந்த சாயத்தை ஒளியின் உதவியால் சிதைக்கும் ஒரு வெள்ளைத் தூளை அவர் தயாரித்திருக்கிறார். டைட்டானியம் டைஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட தூள். இப்படி ஒளி பட்டதும் வினையைத் தூண்டிவிடும் பொருளுக்கு ஒளி வினையூக்கி என்று பெயர். சாயம், மெத்திலீன் புளூ. அடர்ந்த நீல நிறம். ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் கரைத்த சாய நீர் 100 மில்லிலிட்டர் எடுத்து, 50 மில்லிகிராம் தூளைப் போட்டு, கலக்கிக்கொண்டே 60 நிமிடம் புறஊதா விளக்கின் ஒளியில் வைக்கிறார்.

பிறகு கொஞ்சம் நீரை எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் தூளைப் பிரித்துவிட்டு, தெளிந்த நீர் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று கருவியில் அளக்கிறார். இந்த அளவுக்கு உறிஞ்சல் அளவு என்று பெயர். சாயம் அதிகமாக இருந்தால் இது ஏறும், குறைந்தால் இறங்கும். மெத்திலீன் புளூ மிக அதிகமாக ஒளியை விழுங்குவது 664 நானோமீட்டர் அலைநீளத்தில். அதனால் அங்கேதான் அளப்பார்கள்.

தொடக்கத்தில் 1.20. ஒளியில் 60 நிமிடத்துக்குப் பிறகு 0.10. அதாவது (1.20 − 0.10) ÷ 1.20, கிட்டத்தட்ட 92 சதவீதம் குறைந்திருக்கிறது. நீலமாக இருந்த குடுவை ஏறக்குறைய வெறும் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் நிற்கிறது. மாணவிக்கு மகிழ்ச்சி. உட்கார்ந்து மெயில் எழுதுகிறார்:

"வணக்கம் மேடம். ஆய்வு நன்றாகப் போகிறது. நம் வினையூக்கி 60 நிமிடத்தில் 92% சாயத்தைச் சிதைத்துவிட்டது. சில சிக்கல்கள் இருந்தன, சரிசெய்துகொண்டிருக்கிறேன். அடுத்து மற்ற சாயங்களிலும் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். தொடர்புடைய கட்டுரைகளும் படித்து வருகிறேன். நன்றி."

மரியாதையான, சுருக்கமான மெயில். முடிவு, சிக்கல், அடுத்த படி மூன்றும் பெயரளவில் இருக்கின்றன. ஆனால் இதற்கு நெறியாளர் "நல்லது, தொடரவும்" என்பதைத் தவிர எதையும் எழுத முடியாது. இரண்டு மாதம் கழித்து எல்லாச் சாயங்களும் செய்து முடித்த பிறகு, முதல் சோதனையிலேயே ஓட்டை இருந்தது தெரியவந்தால் அந்த இரண்டு மாதமும் போச்சு.

## முடிவு: கண்டது ஒன்று, முடிவுகட்டியது இன்னொன்று

"சாயத்தைச் சிதைத்துவிட்டது" என்ற வரியைப் பாருங்கள். கருவி அப்படிச் சொல்லவில்லை. நீரின் உறிஞ்சல் அளவு 1.20-லிருந்து 0.10-க்கு இறங்கியது என்று மட்டும்தான் அது சொன்னது. சாயம் நீரில் இல்லை என்பது உண்மை. அது எங்கே போனது என்பது வேறு கேள்வி.

சிதையாமலே சாயம் நீரைவிட்டுப் போக ஒரு வழி இருக்கிறது. தூளின் மேல் போய் ஒட்டிக்கொள்ளலாம். கரைசலில் உள்ள பொருள் இப்படித் திடப்பொருளின் மேற்பரப்பில் ஒட்டுவதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். அப்படி ஒட்டினாலும் சென்ட்ரிஃபியூஜ் தூளோடு சாயத்தையும் அடியில் இறக்கிவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும், கருவியும் குறைந்த அளவைத்தான் காட்டும். இரண்டில் எது நடந்தது என்று அந்த எண்ணை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் கன்ட்ரோல் சோதனை. சந்தேகப்படும் ஒரு காரணத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துச் செய்யும் சோதனை அது. இங்கே இரண்டு தேவை. தூள் போட்டு, ஒளி இல்லாமல் இருட்டில் 60 நிமிடம் வைப்பது ஒன்று. தூள் போடாமல், ஒளியில் மட்டும் 60 நிமிடம் வைப்பது இன்னொன்று.

நம் மாணவி இரண்டையும் செய்திருக்கிறார், மெயிலில்தான் எழுதவில்லை. ஒளி மட்டும் பட்டபோது 1.20 என்பது 1.13 ஆனது, 6 சதவீதக் குறைவு. இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. இருட்டில் வைத்ததில் 0.74 ஆகிவிட்டது. விளக்கே போடாமல் 38 சதவீதம் காணாமல் போயிருக்கிறது. சென்ட்ரிஃபியூஜ் குழாயைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக இருக்க வேண்டிய தூள் நீலம் பூத்துக் கிடக்கிறது. மெயிலில் "சில சிக்கல்கள்" என்ற இரண்டு சொல்லுக்குள் போய் ஒளிந்தது இதுதான். என்னைக் கேட்டால், அந்த வாரத்தின் முக்கியமான முடிவே இதுதான்.

அப்படியானால் 92-லிருந்து 38-ஐக் கழித்து மீதியை ஒளியின் கணக்கில் எழுதிவிடலாமா? தோன்றும், ஆனால் எழுதக் கூடாது. ஒளி இருக்கும்போது ஒட்டுவதும் சிதைவதும் ஒன்றாக நடக்கின்றன. ஒட்டிய சாயம் சிதைந்தால் அந்த இடம் காலியாகும், அங்கே புதிதாகச் சாயம் வந்து ஒட்டும். ஆகவே இருட்டில் ஒட்டிய 38 என்பது ஒளியில் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

சுருக்கமாக: முடிவுப் பகுதியில் முதலில் கருவி காட்டியதை எழுதுங்கள். எத்தனை முறை செய்தது, எதோடு ஒப்பிட்டது என்பதை அதனுடன் சேர்த்து எழுதுங்கள். அதன் பொருள் என்னவாக இருக்கலாம் என்ற உங்கள் கருத்தைத் தனி வாக்கியமாக, கருத்து என்று தெரியும்படி வையுங்கள்.

## சிக்கல்: தீர்ந்ததும் தீராததும்

மாணவி ஒளிச் சோதனையை மூன்று முறை செய்தார். முதல் இரண்டில் 92, 91 வந்தது. மூன்றாவதில் 74. இந்த மாதிரி நேரத்தில் மூன்றாவதை விட்டுவிட்டு "சராசரி 91.5" என்று எழுதும் ஆசை யாருக்கும் வரும். காரணம் தெரியாமல் ஓர் எண்ணை நீக்கினால், மிச்சமிருக்கும் இரண்டு எண்களின் மேல் நம்பிக்கை வைக்கவும் காரணம் இல்லாமல் போகிறது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அதே மாதிரியை 800 நானோமீட்டரில் அளந்து பார்த்தார். மெத்திலீன் புளூ அங்கே ஒளியை விழுங்காது. நீர் உண்மையிலேயே தெளிவாக இருந்தால் அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். முதல் இரண்டு மாதிரிகளில் 0.01 இருந்தது. மூன்றாவதில் 0.19. அப்படியென்றால் நீரில் ஏதோ மிதக்கிறது. சரியாகப் பிரியாத தூளின் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடித்திருக்கின்றன. சிதறிய ஒளி மறுபக்கம் போய்ச் சேராததால், சாயம் விழுங்கிவிட்டதாகக் கருவி கணக்கு வைத்துக்கொண்டது. அதே மாதிரியை மறுபடி சுழற்றி அளந்ததும் 664-இல் இருந்த 0.31 என்பது 0.12 ஆனது, அதாவது 90 சதவீதக் குறைவு. 800-லும் 0.01-க்கு வந்துவிட்டது.

இது தீர்ந்த சிக்கல். மெயிலில் இரண்டு வரி போதும்: என்ன வந்தது, காரணம் எப்படித் தெரிந்தது, இனி என்ன செய்வேன். ஆனால் அந்த 74-ஐச் சொல்லாமல் விடக் கூடாது. பின்னால் ஆய்வேட்டை எழுதும்போது குறிப்பேட்டில் 74 இருக்கும், மெயிலில் 90 இருக்கும், ஏன் என்று யாருக்கும் நினைவிருக்காது.

இருட்டுச் சோதனைச் சிக்கல் இன்னும் தீரவில்லை. இதற்குக் கூடுதல் இடம் வேண்டும். தீராத சிக்கலை எழுதும்போது பலரும் "சரியாக வரவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். எது நடக்கும் என்று எதிர்பார்த்தேன், எது நடந்தது, எந்தக் காரணத்தைச் சோதித்துத் தள்ளிவிட்டேன், எதை இன்னும் சோதிக்கவில்லை என்று எழுதினால், நெறியாளர் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்குவார். இல்லாவிட்டால் "கன்ட்ரோல் போட்டாயா?" என்று ஆரம்பப் புள்ளியிலிருந்து கேட்பார், நான்கு மெயில் அதற்கே போய்விடும். இருட்டுச் சோதனை ஒரே முறைதான் செய்யப்பட்டது என்பதையும் இங்கேதான் சொல்ல வேண்டும். ஒரே முறை வந்த 38-க்கும் மூன்று முறை வந்த 91-க்கும் எடை வேறு.

## அடுத்த படி: இரண்டு கிளையோடு

"மற்ற சாயங்களிலும் செய்யப் போகிறேன்" என்பது ஆசையைத்தான் சொல்கிறது. அடுத்த படி என்றால் அது இப்போதைய சிக்கலிலிருந்து பிறக்க வேண்டும். என்ன வந்தால் என்ன செய்வோம் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இங்கே செய்ய வேண்டியது தெளிவு. தூளைச் சாய நீரில் போட்டு முதலில் இருட்டிலேயே கலக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, அடுத்தடுத்த அளவுகள் மாறாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒட்டுவதும் விடுபடுவதும் சமமாகிவிட்ட அந்த நிலைக்குச் சமநிலை என்று பெயர். அந்த அளவைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் விளக்கைப் போட வேண்டும். பல கட்டுரைகளில் இதற்கு 30 நிமிடம் என்று எழுதியிருப்பார்கள். தூளுக்குத் தூள் இது மாறும், அதனால் அந்த 30-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நம் தூளுக்கு அளந்து பார்ப்பதுதான் முறை.

விளக்கைப் போட்டதும் அளவு நன்றாக இறங்கினால், ஒளிக்குப் பங்கு இருக்கிறது என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைக்கும். தேங்கி நின்றால், இந்தத் தூள் முக்கியமாகச் சாயத்தைப் பிடித்து வைக்கும் பொருள்தான், ஆய்வின் திசையையே பேச வேண்டும். இந்த இரண்டு கிளையும் மெயிலில் இருந்தால், முடிவு எப்படி வந்தாலும் அது வீண் போகாது.

இன்னொன்றும் உண்டு. நெறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, அவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுக்கட்டும்?" என்பதை மாணவியே தீர்மானித்துக்கொள்ளலாம். திட்டமிட்ட வேலையைத் தள்ளிவைப்பது, கட்டணம் கட்டி வெளியே மாதிரி அனுப்புவது போன்றவை அவர் சொல்ல வேண்டியவை. கேட்கும்போது உங்கள் பரிந்துரையையும் காரணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். "ஆம், அப்படியே செய்" என்று ஒரு வரியில் அவர் பதில் போட்டுவிட முடியும்.

சுருக்கமாக: அடுத்த படியில் மூன்று விஷயம் வேண்டும். சிக்கலைத் தீர்க்கும் ஒரு சோதனை, அதன் முடிவு எப்படி வந்தால் எந்தப் பக்கம் போவோம் என்பது, நெறியாளர் தீர்மானிக்க வேண்டிய ஒரு கேள்வி.

## திருத்தி எழுதிய மெயில்

பொருள்: சாயச் சோதனை – இருட்டிலும் 38% குறைவு, உங்கள் முடிவு தேவை

வணக்கம் மேடம்,

சாயம் குறைவது உறுதியாகத் தெரிகிறது, ஆனால் அது ஒளியால் சிதைகிறதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியவில்லை. மற்ற சாயங்களைத் தொடங்கும் முன் உங்களிடம் ஒரு முடிவு வேண்டும், கடைசியில் கேட்டிருக்கிறேன்.

முடிவு: 5 மி.கி./லி மெத்திலீன் புளூ 100 மி.லி., தூள் 50 மி.கி., புறஊதா ஒளி 60 நிமிடம். 664 நானோமீட்டரில் உறிஞ்சல் அளவின் குறைவு 92, 91, 90% (மூன்று முறை). தூள் இல்லாமல் ஒளி மட்டும்: 6% (ஒரு முறை). தூளோடு இருட்டில்: 38% (ஒரு முறை).

மூன்றாவது சோதனை முதலில் 74% காட்டியது. 800 நானோமீட்டரில் 0.19 இருந்ததால் தூள் சரியாகப் பிரியவில்லை என்று தெரிந்தது. அதே மாதிரியை மறுபடி சுழற்றியதும் 90% வந்தது. இனி எல்லா மாதிரிக்கும் 800-லும் அளந்துவிடுகிறேன்.

சிக்கல்: இருட்டில் இவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கவில்லை. 800-இல் 0.01தான் இருந்தது, ஆகவே துகள் காரணமில்லை. பிரித்த தூள் நீலமாக இருக்கிறது, சாயம் ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். விளக்கைப் போடும் முன் சமநிலைக்கு நான் காத்திருக்கவில்லை, அதனால் இரண்டின் பங்கையும் பிரிக்க முடியவில்லை.

அடுத்து: இருட்டுச் சோதனையை இன்னும் இரண்டு முறை செய்கிறேன். பிறகு சமநிலை வரும்வரை இருட்டில் கலக்கி, அதன் பின் விளக்கைப் போட்டு 60 நிமிடம் அளக்கிறேன். அளவு நன்றாக இறங்கினால் நம் திட்டப்படி தொடரலாம். இறங்காவிட்டால் நேரில் பேச நேரம் கேட்பேன். அடுத்த வெள்ளிக்குள் முடியும்.

உங்கள் முடிவு தேவை: மொத்தக் கரிமக் கார்பன் அளவீட்டுக்கு மாதிரிகளை இப்போதே அனுப்பலாமா, இந்தச் சோதனை முடிந்த பிறகா? முடிந்த பிறகு அனுப்பலாம் என்பது என் கருத்து. தூளில் ஒட்டிய சாயமும் நீரின் கார்பனைக் குறைத்துக் காட்டும், இப்போது அனுப்பினால் இதே சந்தேகம் அங்கேயும் வரும்.

அளவுகள் முழுதும் `MB_kinetics_v2.xlsx` கோப்பில், இருட்டுச் சோதனை `dark` தாளில்.

நன்றி.

---

கடைசிக் கேள்வியில் வரும் மொத்தக் கரிமக் கார்பன் என்பது, நீரில் கரிமப் பொருள்களாக மிச்சமிருக்கும் கார்பன் எவ்வளவு என்ற அளவு. நிறம் போனாலும் சாயத்தின் உடைந்த துண்டுகள் நீரில் இருக்கலாம். அவையும் போனதா என்று பார்க்க இதைச் செய்வார்கள்.

முதல் மெயிலைவிட இது நீளம். ஆனால் முதல் பத்தியும் "உங்கள் முடிவு தேவை" பத்தியும் மட்டும் படித்தாலே நெறியாளர் பதில் எழுதிவிடலாம். இடையில் இருப்பது அவர் சந்தேகப்படும்போது போய்ப் பார்க்க. முழு அட்டவணையும் பத்து வரைபடமும் மெயிலுக்குள்ளேயே ஒட்ட வேண்டியதில்லை, கோப்பின் பெயரும் தாளின் பெயரும் போதும். படித்த கட்டுரைகளின் பட்டியலும் வேண்டாம். ஏதாவது ஒரு கட்டுரை உங்கள் முடிவை மாற்றியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

## பதில் வந்தாலும் வராவிட்டாலும்

பல நெறியாளர்கள் மெயிலுக்கு மெயிலில் பதில் சொல்வதில்லை. லேப் பக்கம் வரும்போது "பார்த்தேன்மா, கார்பன் அப்புறம் பார்க்கலாம், முதலில் இருட்டை முடி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றைக்கே அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி போட்டுவிடுங்கள்: "இன்று நீங்கள் சொன்னபடி கார்பன் அளவீட்டைத் தள்ளிவைக்கிறேன், சமநிலைச் சோதனையை முதலில் முடிக்கிறேன்." அடுத்த முன்னேற்ற மெயில் இந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சொன்ன வெள்ளிக்கிழமைக்குள் முடிந்ததா, எந்தக் கிளை வந்தது என்று.

பதிலே வராவிட்டால்? செலவில்லாத, மறுபடி செய்துகொள்ளக்கூடிய வேலைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இருட்டுச் சோதனையை இன்னும் இரண்டு முறை செய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். "புதன்வரை வேறு சொல்லாவிட்டால் இதைத் தொடங்குகிறேன்" என்று மெயிலிலேயே எழுதிவிடலாம். மாதிரிகளை வெளியே அனுப்புவது, கடைசியாக மிச்சமிருக்கும் தூளை முழுதும் பயன்படுத்திவிடுவது, ஆய்வின் தலைப்பை மாற்றுவது போன்றவற்றுக்கு இந்த வரியைப் பயன்படுத்தக் கூடாது. அவற்றுக்கு அந்தக் கேள்வியை மட்டும் தனியாக, மேலே கண்ட காரணத்தோடு மறுபடி ஒருமுறை அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நேரில் போய்க் கேட்பதுதான் வழி.